பரிவு நீளம்

பரிவு நீளம் என்பது, தரப்பட்ட இசைக்கவையின் மீடிறனுக்குக் குழாயிலுள்ள காற்று நிரல் உரத்து ஒலிக்கும் நீளம். ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தைப் பக்கத்து உயர்தர மாணவர் பௌதிகவியல் செய்முறையில் சுரமானிக்கு அடுத்துச் சந்திப்பது இதைத்தான்.

கணக்கு முதலில் இழையில்தான் பிறந்தது. 1636இல் மெர்சென், இழையின் மீடிறன் நீளத்துக்கு நேர்மாறு விகிதத்திலும் இழுவையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்திலும் மாறும் என வெளியிட்டார். ஒக்ஸ்போர்ட்டில் நோபிள், பிகொட் இருவரும் அதிரும் இழையில் கடதாசித் துண்டுகளை ஏற்றி, சில புள்ளிகள் அசையாமலே நிற்பதைக் கண்டனர். 1677இல் வாலிஸ் அதை அச்சேற்றினார். சுரமானியில் நாம் வைக்கும் கடதாசித் துண்டின் மூதாதை அதுவே. 1701இல் சோவர் அப்புள்ளிகளுக்குக் கணு என்று பெயரிட்டார்.

குழாய் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. மூடிய முனையில் கணு, திறந்த முனையில் முரண்கணு. ஆகவே நீளம் அலைநீளத்தின் கால்பங்கின் ஒற்றை மடங்காக வேண்டும். ஆனால் முரண்கணு வாயிலில் நிற்காமல் சற்று வெளியே தள்ளி அமைகிறது. இந்த முனைத்திருத்தத்தை ஹெல்ம்ஹோல்ட்சும் ரேலேயும் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தனர். விளிம்பில்லாக் குழாய்க்கு அது ஆரையின் சுமார் 0.61 மடங்கு என்பதை 1948இல் லெவினும் ஷ்விங்கரும் கணித்துக் காட்டினர்.

பரீட்சைக் கணக்கின் பொறி இங்கேதான். 3 cm விட்டமுள்ள குழாயில் 512 Hz இசைக்கவைக்கு முதற் பரிவு 16.1 cmஇலும் அடுத்தது 50.1 cmஇலும் கேட்பதாகக் கொள்வோம். திருத்தத்தை மறந்து முதல் நீளத்தை நான்கால் பெருக்கினால் வேகம் ஏறத்தாழ 330 m/s. மனப்பாடம் செய்த எண்ணே வருவதால் மாணவர் மகிழ்ந்துவிடுகிறார். ஆனால் அது 0 °C காற்றுக்கு உரியது. கொழும்பின் 28 °C அறையில் வேகம் 348 m/s அளவில் இருக்க வேண்டும். இரு நீளங்களையும் கழித்தால் திருத்தம் தானே நீங்கிவிடும்:

v = 2f(l₂ − l₁) = 2 × 512 × 0.340 ≈ 348 m/s

e = (l₂ − 3l₁)/2 = (50.1 − 48.3)/2 = 0.9 cm

ஆரை 1.5 cm என்பதால் 0.9 cm பொருந்துகிறது. சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு: இரண்டாம் நீளம் முதலாவதன் மும்மடங்கைவிடச் சற்றே கூட வர வேண்டும். முதற் பரிவைக் கவனியாமல் 50.1, 84.1 என்று அளந்தால் வேகம் அப்போதும் சரியாகவே வரும். ஆனால் முனைத்திருத்தம் மறைப் பெறுமானமாகி, தவறைக் காட்டிக்கொடுக்கும்.

மூடிய குழாயில் முதலாம் மேற்றொனி அடிப்படையின் மும்மடங்கு மீடிறன் கொண்டது. திறந்த குழாயிலும் இழையிலும் இருமடங்கு. வினாவில் மேற்றொனி என்ற சொல் வந்தால், குழாய் எவ்வகையென்று பார்த்த பின்பே எண்ணைப் பிரதியிடுக.