திரௌபதியின் தூரம்

ஐப்பசியில், தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு, சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் பக்தர்கள் நடந்து போகிறார்கள். சுமார் 4 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தால் தீக்குழி. அதில் இறங்குவது ஆண்கள் மட்டும். பெண்கள் பால்குடம் எடுக்கலாம், கும்பிடு தண்டம் போடலாம். அதுவும் 'தூரமாக' இல்லாதிருந்தால். வீட்டில் யாராவது தூரமென்றால் அவள் வாசலோடு சரி.

இந்தத் தீமிதி யாருக்காக? திரௌபதிக்காக. சபைக்கு அவளை இழுத்துவந்தபோது அவள் எந்த நிலையில் இருந்தாள் என்பதைப் பாரதம் மறைக்கவில்லை. விலக்காக இருக்கிறேன், ஒற்றை ஆடையில் இருக்கிறேன் என்று அவளே சொல்கிறாள். அந்த நிலையில்தான் கண்ணனைக் கூப்பிட்டாள் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. (புனே பண்டார்க்கர் நிறுவனத்தின் ஆய்வுப் பதிப்பு, கண்ணனை வேண்டும் பகுதியைப் பிற்காலச் சேர்க்கையென்று மூலத்திலிருந்து விலக்கிவிட்டது. ஆனால் ஆய்வுப் பதிப்பைப் படித்துவிட்டு யாரும் தீ மிதிக்க வருவதில்லை.)

இதை முதலில் கவனித்தவர்கள் நம் காலத்துப் பெண்ணியர்கள் என்று நினைத்தால் தவறு. ஸ்ரீரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசனபூஷணத்தில் சரணாகதிக்கு இடம், காலம், முறை, ஆள் என எந்த நியமமும் இல்லை என்கிறார். அதற்கு அவர் காட்டும் சாட்சி திரௌபதி: அவள் நீராடிவிட்டு வந்து சரணடையவில்லையே என்கிறார். 15-ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் இதற்கு உரை எழுதும்போது அவள் மாதவிலக்கில் இருந்ததைச் சுட்டித்தான் பொருள் சொல்கிறார். இரண்டு பேருமே ஆசாரத்தில் ஊறிய மரபின் நடுவில் இருந்தவர்கள்.

ஆனால் அவர்கள் தளர்த்தியது சரணாகதியின் நியமத்தை. கோயில் நியமத்தை அல்ல. சந்நிதி, நைவேத்தியம், விளக்கு இவற்றின் தீட்டுக் கணக்கு அப்படியே நின்றது. நாவுக்கு மட்டும் வழி கிடைத்தது. எங்கள் பெரியம்மா அந்த மூன்று நாளும் பூஜை அறைப் பக்கம் தலைகாட்ட மாட்டார். அரிசி புடைத்துக்கொண்டே "கோவிந்தா, கோவிந்தா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டால், "பேரு சொல்றதுக்கு ஏதுடி தீட்டு?" அவர் மாமுனிகளைப் படித்தவரில்லை.

சிராங்கூன் சாலையிலிருந்து டன்லப் தெருவுக்குத் திரும்பினால் அப்துல் கபூர் பள்ளிவாசல். "எனக்குத் தொழுகை இல்லை" என்று ஒரு தமிழ் முஸ்லிம் பெண் சொன்னால் மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். விடுபட்ட நோன்பைப் பிறகு நோற்க வேண்டும். விடுபட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டாம். இங்கும் ஒரு பெண்ணின் கதை உண்டு. 632-இல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில், மக்காவுக்கு அருகே ஸரிஃப் என்னுமிடத்தில் ஆயிஷாவுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. அவர் அழுதார். கஅபாவைச் சுற்றுவதைத் தவிர ஹாஜிகள் செய்யும் எல்லாவற்றையும் செய் என்றார் நபி. தடுத்தது ஒரு செயலை, துஆவை அல்ல. ஆகவே திக்ரு, ஸலவாத், துஆ எதற்கும் தடையில்லை. குர்ஆன் ஓதுவதில்தான் மத்ஹபுகள் பிரிகின்றன: மாலிகிகள் மனப்பாடமாக ஓத இடம் தருகிறார்கள்; ஹனஃபிகள் பிரார்த்தனையாக உள்ள வசனங்களைத் துஆ என்ற எண்ணத்தோடு சொல்லலாம் என்கிறார்கள். ஹனஃபி நூல்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு. தொழுகை நேரம் வந்ததும் அவள் ஒளு செய்து, வழக்கமாகத் தொழும் இடத்தில், தொழ ஆகும் நேரம்வரை தஸ்பீஹ் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நல்லது. பழக்கம் விட்டுப்போகக் கூடாதே!

சிக்கல் நாள்கணக்கில் வருகிறது. சிங்கப்பூர் மலாய்க்காரர்கள் ஷாஃபி. கடையநல்லூர், தென்காசியிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஹனஃபி. வழக்கமாக 6 நாள் உதிரப்போக்கு உள்ள ஒருத்திக்கு இம்முறை 12 நாள் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷாஃபியில் உச்சவரம்பு 15 நாள், ஆகவே 12-ம் விலக்குதான். திரும்பத் தொழ எதுவுமில்லை. ஹனஃபியில் வரம்பு 10. அதைத் தாண்டிவிட்டதால் அவளுடைய வழக்கமான 6 நாள் மட்டுமே விலக்கு. 7-ஆம் நாளிலிருந்து வந்தது நோய்ப்போக்கு. அதில் தொழுதாக வேண்டும். 10 நாளுக்குள் நின்றுவிடும் என்று காத்திருந்து விட்ட 7 முதல் 10 வரையிலான தொழுகைகள் இப்போது கடன். ஒரே புளோக்கில் எதிரெதிர் வீடு, ஒரே உதிரம், ஒருத்திக்குக் கடன், ஒருத்திக்கு இல்லை.

டௌனர் சாலை சீக்கியக் கோயிலில் இந்தக் கணக்கே கிடையாது. குரு நானக் தீட்டு என்ற எண்ணத்தையே ஏற்கவில்லை. லிங்கம் அணிந்தவருக்குத் தீட்டில்லை என்பது வீரசைவம். மேல்மருவத்தூரில் பெண்கள் எந்த நாளிலும் கருவறைக்குள் போகிறார்கள்.

தோழி ஒருத்தி கடையநல்லூர்க் குடும்பம். 12 நாள் கணக்கை அவளிடம் சொன்னபோது சிரித்தாள். "இதெல்லாம் ஆலிம்சாட்ட போய் யாரு கேப்பா? உம்மா ஏழு நாள்னு சொன்னாங்க, ஏழு நாள்தான். குளிச்சிட்டு முஸல்லாவ விரிச்சிடுவேன்." அந்த ஏழு எந்த மத்ஹபிலும் வரம்பு இல்லை.