புனித பேட்ரிக்கின் காலடியில் ஒரு பாம்பு

ஹைட்டி நாட்டில் வோடூ வழிபாடு நடக்கும் கூடத்துக்குள் நுழைந்தால், பீடத்தின் மேல் சுவரில் ஒரு வண்ணப்படம் மாட்டியிருப்பதைக் காணலாம். ஆயருக்குரிய உயரமான தொப்பியும் பச்சை அங்கியும் தரித்த ஒரு வெள்ளைக்காரத் துறவி, கையில் செங்கோல், காலடியில் பாம்புகள். கத்தோலிக்கர்களுக்கு அவர் அயர்லாந்திலிருந்து பாம்புகளை விரட்டிய புனித பேட்ரிக். அந்தக் கூடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களுக்கு அவர் டம்பாலா, அதாவது மேற்கு ஆப்பிரிக்கத் தஹோமியிலிருந்து வந்த நாகதெய்வம். பாம்பை விரட்டுகிறவராக அவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. பாம்புகளோடு வாழ்கிறவராகவே பார்க்கிறார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது. எஜமானர்களுக்குப் பயந்த அடிமைகள் தங்கள் தெய்வங்களைப் புனிதர்களின் படங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள்; கிறிஸ்தவம் அவர்களுக்கு வெறும் முகமூடி. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. ஹைட்டியின் கறுப்பின மக்கள் 1804-இல் எஜமானர்களைத் துரத்திவிட்டுச் சுதந்திர நாடு கண்டார்கள். கூடங்களில் இன்று தொங்கும் மலிவான வண்ண அச்சுப்படங்கள் பெருகியதோ அதற்குப் பிறகுதான். பயப்பட ஆளே இல்லாத நாட்டில் முகமூடி எதற்கு?

பதில் தேட 1685-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, தம் குடியேற்றங்களுக்காக ‘கறுப்புச் சட்டம்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். அடிமைகள் அனைவரும் கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானம் பெற வேண்டும். புதிதாக அடிமைகளை வாங்கியவர் எட்டு நாட்களுக்குள் ஆளுநருக்குத் தகவல் தர வேண்டும். வேறு எந்த மதத்தையும் வெளிப்படையாகப் பின்பற்றக் கூடாது. வெவ்வேறு எஜமானர்களின் அடிமைகள் பகலிலோ இரவிலோ ஒன்றுகூடுவதற்கும் தடை. சாவிலும் சட்டம் வந்து நின்றது. ஞானஸ்நானம் பெற்ற அடிமைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு. பெறாதவரை இரவோடு இரவாக, இறந்த இடத்துக்குப் பக்கத்து வயலில் புதைத்துவிடலாம்.

அப்போது சான் தொமாங் என்று அழைக்கப்பட்ட ஹைட்டி, 1697-இல் ஸ்பெயினிடமிருந்து முறைப்படி பிரான்சின் கைக்கு வந்தது. கரும்பும் காபியும் விளைந்த அந்தக் குடியேற்றத்தில், 1789 வாக்கில் ஏறத்தாழ ஐந்து லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து, கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். தோட்டங்களில் வேலை ஆளைத் தின்றது. செத்தவர்களின் இடத்தை நிரப்பக் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தக் கொடுமையின் விளைவாகவே ஆப்பிரிக்காவின் நினைவு அங்கே பழசாகாமல் இருந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இப்படி வந்தவர்களில் பலர் தோட்டத்தில்தான் சிலுவையை முதன்முதலாகப் பார்த்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ அரசில், மன்னர் என்ஸிங்கா அ என்குவு 1491-லேயே போர்ச்சுக்கீசியப் பாதிரியார்களிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் மகன் அஃபோன்சு காலத்தில் கத்தோலிக்கம் அந்நாட்டின் அரச மதமாகவே வேரூன்றியது. ஞானஸ்நானத்தின்போது நாக்கில் உப்பு வைப்பார்கள் அல்லவா? கொங்கோ மக்கள் அந்தச் சடங்கை ‘உப்புத் தின்பது’ என்றே அழைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில், சான் தொமாங் வந்த கப்பல்களில் கொங்கோ பகுதியைச் சேர்ந்தவர்கள் மிகுதி. அவர்களில் பலருக்குச் சிலுவையும் புனிதர்களும் சொந்த ஊர்ச் சரக்கு. மூதாதையர் வழிபாட்டோடு கிறிஸ்தவத்தைச் சேர்த்துப் புரிந்துகொள்ளும் வழக்கம், கடலைத் தாண்டும் முன்பே அவர்களிடம் இருந்தது.

தோட்டத்தில் இந்தக் கலவை எப்படி இருந்தது? விஷம் வைத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மக்கண்டால் என்ற தப்பியோடிய அடிமையை, 1758 ஜனவரியில் லெ காப் நகரத்தில் உயிரோடு எரித்தார்கள். அவர் பெயராலேயே ‘மக்கண்டால்’ எனப்பட்ட சிறு மந்திரப் பொட்டலங்கள் அங்கே புழக்கத்தில் இருந்தன. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி எழுதிய குறிப்பில், பொட்டலத்துக்குள் இருந்தவை பதிவாகியுள்ளன. கல்லறை எலும்பும் வேர்களும் ஒரு பக்கம். தீர்த்தமும் சாம்பிராணியும் சிறு சிலுவையும் இன்னொரு பக்கம். எல்லாம் ஒரே துணிக்குள் முடிந்து கட்டியவை. அதே ஆண்டு, புனிதப் பொருட்களை இப்படிக் கலப்பதை நீதிமன்றம் தடை செய்தது. துணிக்குள் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் சிலுவையால் எந்த எஜமானரை ஏமாற்ற முடியும்? தேவாலயத்தின் தீர்த்தத்திலும் சிலுவையிலும் சக்தி இருக்கிறது என்று அந்த மக்கள் உண்மையாகவே நம்பினார்கள். அந்தச் சக்தி தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள்.

அடிமைகள் நண்பகலிலும் இரவிலும் தேவாலயங்களில் தாமாகவே கூடுகிறார்கள், தங்களுக்குள்ளேயே ஆள் அமர்த்தி மறைக்கல்வி நடத்துகிறார்கள் என்று 1761-இல் அதே நீதிமன்றம் குறைப்பட்டுக்கொண்டது. அடிமைகளுக்கு ஆன்ம ஊழியம் செய்துவந்த இயேசு சபையினரை, இரண்டே ஆண்டுகளில் குடியேற்றத்திலிருந்து வெளியேற்றினார்கள். ஞானஸ்நானம் கொடு என்று கட்டளையிட்ட ஆட்சிதான், பெற்றவர்கள் அதை மனதார ஏற்று ஒன்றுகூடியபோது நடுங்கியது.

புரட்சி வென்ற பிறகு ரோம் புதிய நாட்டை ஏற்கவில்லை. 1860-இல் உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை, ஐம்பத்தாறு ஆண்டுகள் அங்கே ஒழுங்கான கத்தோலிக்க நிர்வாகமே கிடையாது. நாட்டுப்புறத்தில் பாதிரியார் இல்லாத இடத்தில், ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பாமரர் ஒருவர் முன்னே வந்து நின்றார். அவருக்கு ‘புல்வெளிப் பாதிரியார்’ என்று பெயர். வோடூ முழு உருவம் பெற்றதில் இந்த ஆண்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இந்தப் புல்வெளிப் பாதிரியாரை இன்றும் சடங்குகளில் காணலாம். மாலையில் அவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் ஜெபம் சொல்லத் தொடங்குகிறார். கடவுள், மரியாள், புனிதர்கள் என்று ஒவ்வொருவராக அழைக்கப்படுகிறார்கள். மெல்ல மெல்ல மொழி கிரியோலுக்கு மாறுகிறது. பிறகு ஆப்பிரிக்கத் தெய்வங்களான ‘லுவா’க்களின் பெயர்கள் வருகின்றன. பூசாரி சோளமாவை விரலிடுக்கில் எடுத்துத் தரையில் தூவி, அந்தந்தத் தெய்வத்துக்குரிய கோலத்தை வரைகிறார். முதல் அழைப்பு லெக்பாவுக்கு, ஏனென்றால் வாசலைத் திறப்பவர் அவர். முதுமையில் ஊன்றுகோலோடு வருகிறவர் என்பதால் அவருக்குரிய படம், ஊன்றுகோல் ஊன்றிய லாசரு; சில ஊர்களில் சாவி ஏந்திய பேதுரு. எல்லோருக்கும் மேலே ‘போந்தியே’ இருக்கிறார். ‘நல்ல கடவுள்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் அவர் தொலைவில் இருப்பவர். அன்றாடப் பசிக்கும் நோய்க்கும் லுவாக்களிடம்தான் போக வேண்டும்.

மக்கள் புனிதரின் படத்தில் எதைப் பார்த்தார்கள் என்பதை ஜூலை 25-ஆம் தேதி காட்டும். அன்று புனித யாக்கோபின் திருநாள். குதிரையில் வாளேந்திய அவரைப் போர்த்தெய்வமான ஒகூவாகக் கண்டவர்கள், வடக்கேயுள்ள பிளேன் தூ நோர் என்ற ஊரில் கூடுகிறார்கள். அங்கே சேற்றுக் குட்டையில் இறங்கிக் குளிக்கிறார்கள். ஒருவரே காலையில் தேவாலயத்தில் திருப்பலி கண்டு, பிறகு சேற்றில் இறங்குவதும் உண்டு. இரண்டு மதங்களைப் பின்பற்றுவதாக அவருக்குத் தோன்றுவதில்லை.

இதைத் திருச்சபை பொறுத்துக்கொள்ளவில்லை. 1941-இல் அரசின் ஆதரவோடு நடந்த ஒழிப்பு இயக்கத்தில் முரசுகளும் பீடங்களும் எரிக்கப்பட்டன. வோடூவைக் கைவிடுவதாக விசுவாசிகளிடம் சத்தியம் வாங்கினார்கள். நம்பிக்கை அதிலும் பிழைத்தது.

2003 ஏப்ரலில் ஹைட்டி அரசு வோடூவை ஒரு மதமாக அங்கீகரித்தது. அந்த ஆணைப்படி, ஞானஸ்நானமும் திருமணமும் நடத்தி வைக்கும் சட்ட உரிமை வோடூ பூசாரிகளுக்குக் கிடைத்தது.