ரூட் கார்டிலிருந்து பிறந்த லேஅவுட்

லேத்துகள் ஒரு வரிசையில், டிரில்லிங் மெஷின்கள் ஒரு மூலையில், கிரைண்டிங் தனி அறையில். நம் பட்டறைகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. இதற்குப் பெயர் பிராசஸ் லேஅவுட். எந்த வேலை வந்தாலும் எடுக்கலாம். ஆனால் ஜாப், மெஷினில் இருக்கும் நேரத்தைவிட டிரேயில் காத்துக் கிடக்கும் நேரமே அதிகம். இதற்கு நேர் எதிரானது, 1913இல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் வந்த அசெம்பிளி லைன். ஒரே மாடல் கார் லட்சக்கணக்கில் போனதால் அது அங்கே கட்டுப்படியானது. பத்து வகைப் பாகங்களை ஐம்பது ஐம்பதாகச் செய்யும் பட்டறைக்கு இரண்டுமே பொருந்தாது.

நடுவழி இரண்டு இடங்களில் பிறந்தது. சோவியத் பொறியாளர் மித்ரோஃபானோவ், ஒரே சாயலுள்ள பாகங்களைச் சேர்த்து ஓட்டினால் ஒரு செட்டிங்கிலேயே பலவற்றை முடிக்கலாம் என்று 1950களில் காட்டினார். பிரிட்டனின் ஜான் பர்பிட்ஜ் 1960களில், வடிவத்தைப் பார்க்காமல் ரூட் கார்டைப் பார்த்தார். எந்தப் பாகம் எந்தெந்த மெஷினுக்குப் போகிறது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. அப்படிப் பாகங்களையும் அவற்றுக்கான மெஷின்களையும் குழுக்களாகப் பிரித்து அமைப்பதைத்தான் இன்று செல் லேஅவுட் என்கிறோம்.

ஒரு பட்டறையை வைத்து இதைப் பார்ப்போம். ஷாஃப்டும் ஸ்பிண்டிலும் லேத், மில்லிங், கிரைண்டிங் என்று போகின்றன. ஃபிளாஞ்சுக்கு லேத், டிரில்லிங், டேப்பிங். வட்டமான கவருக்கு மில்லிங், டிரில்லிங், டேப்பிங். பாகங்களை இடப்பக்கமும் மெஷின்களை மேலேயும் எழுதி, போகும் இடத்தில் டிக் போடுங்கள். வரிசைகளை மாற்றி அடுக்கினால் டிக்குகள் இரண்டு கொத்தாகச் சேரும். லேத்துகள் பல இருப்பதால் இரண்டு கொத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டால், கவரின் மில்லிங் டிக் மட்டும் வெளியே நிற்கும். அதற்காக இன்னொரு மில்லிங் மெஷின் வாங்க ஓட வேண்டாம். கவர் வட்டமானது என்பதால் லேத்திலேயே ஃபேசிங் செய்துவிடலாம். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு முதலீட்டைக் கூட்டிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

லாபம் எவ்வளவு? ஐம்பது ஷாஃப்டுகள், மூன்று வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம் என்று வையுங்கள். முழு டிரேயாக நகர்த்தினால் 600 நிமிடம். மூன்று மெஷினையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கைமாற்றினால் முதல் ஷாஃப்டுக்கு 12, மீதி 49க்கு 196, ஆக 208 நிமிடம். செட்டிங் நேரம் இந்தக் கணக்கில் இல்லை.

ஒரு மெஷின் நின்றால் அந்த செல்லே நின்றுவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஹீட் ட்ரீட்மென்ட் உலை போன்ற ஒன்றை எல்லா செல்லுக்கும் பொதுவாகத்தான் விட வேண்டும். எத்தனை முறை மாற்றி அடுக்கியும் டிக்குகள் கொத்தாகச் சேராமல் தாள் முழுக்கச் சிதறியே கிடந்தால், அந்தப் பட்டறைக்குப் பழைய பிராசஸ் லேஅவுட்டே சரி. மெஷின்களை நகர்த்தாதீர்கள்.