‘கட்’ என்ற சொல்லின் விலை

திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் இன்றும் ஸ்பெஷல் நாடகம் போடுகிறார்கள். பெரும்பாலும் வள்ளி திருமணம். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். இதில் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருப்பது, ஒத்திகையே கிடையாது என்பதுதான். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருகிறார்கள். மேடை ஏறும் வரை ஒருவரை ஒருவர் பார்க்காமல்கூட இருந்திருக்கலாம். ஆனாலும் நாடகம் நிற்பதில்லை. வசனம் மறந்தால் எதிரில் இருப்பவர் ஒரு கேள்வியைப் போட்டு எடுத்துக் கொடுப்பார், இல்லையென்றால் ஹார்மோனியக்காரர் ஒரு பாட்டை இழுத்து நேரம் வாங்கிக் கொடுப்பார். தவறு நடக்கும், ஆனால் கரைந்துவிடும்.

ஒரே டேக்கில் எடுக்கப்படும் படங்களையும் எபிசோடுகளையும் பற்றிப் பேசும்போது, ‘மேடை நாடகம் மாதிரிதானே’ என்று பலரும் சொல்கிறார்கள். நடிகருக்கு அது ஓரளவு உண்மைதான். வசனத்தில் சறுக்கினால் அவரும் சமாளித்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் ஃபோகஸ் போனால் ஹார்மோனியம் வாசித்து மறைக்க முடியாது. மைக் பிடிப்பவரின் நிழல் சுவரில் விழுந்தால் பபூனை அனுப்ப முடியாது. மேடையில் தவறு நடிகரின் கையில் இருந்தது, அவரே அதைச் சரிசெய்யவும் முடிந்தது. கேமரா நடுவில் வந்ததும் அந்தத் தவறு, திரையில் முகமே தெரியாத குழுவினரின் கைக்குப் போய்விட்டது. அங்கே அதைச் சரிசெய்ய வழியில்லை. ஒற்றை டேக்கின் வரலாறு எனக்கு இப்படித்தான் புரிகிறது.

படச்சுருள் காலத்தில் இந்த ஆசைக்கு இயற்கையாகவே ஒரு வேலி இருந்தது. 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கேமராவில் 1000 அடிச் சுருளை மாட்டினால் 11 நிமிடம், அவ்வளவுதான். 1948-இல் ஹிட்ச்காக் ‘ரோப்’ எடுத்தபோது அந்த வேலியை ஒட்டியே நடந்தார். சுமார் பத்து நிமிட நீளமுள்ள துண்டுகளாக எடுத்து, இணைப்புகளில் பலவற்றை ஒருவர் முதுகிலோ இருட்டிலோ மறைத்தார். அந்தக் காலத்து டெக்னிகலர் கேமரா ஒரு பீரோ அளவு இருக்கும். அது வீட்டுக்குள் நகர வேண்டும் என்பதற்காகச் சுவர்களைத் தண்டவாளத்தில் வைத்துச் சத்தமில்லாமல் விலக்கினார்கள். கேமரா கடந்து போனதும், நாற்காலி மேஜைகளை மறுபடி பழைய இடத்தில் வைக்க ஆட்கள் குனிந்தபடி ஓடினார்கள்.

அந்தப் படப்பிடிப்பைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நகரும் கேமரா வண்டி குழுவில் ஒருவரின் காலில் ஏறி எலும்பை முறித்துவிட்டது. அவர் கத்தினால் டேக் வீணாகிவிடும் என்று வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார்களாம். பெரும்பாலும் இதை வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடச் சுருளுக்கே ‘கட்’ சொல்ல மனம் வரவில்லை என்றால், ஒரு மணி நேர டேக்கில் என்ன ஆகும்?

பத்து ஆண்டுகளில் தொலைக்காட்சி இந்தக் கேள்வியை இன்னும் கடுமையாகக் கேட்டது. 1958 நவம்பர் 30 அன்று பிரிட்டனில் ‘ஆர்ம்சேர் தியேட்டர்’ வரிசையில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற நாடகம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. அணுகுண்டு விழுந்த பிறகு லண்டன் சுரங்க ரயில் பாதையில் சிக்கிக்கொண்டவர்களின் கதை. கேரத் ஜோன்ஸ் என்ற நடிகர், வயது 33. இரண்டு காட்சிகளுக்கு நடுவே சரிந்து விழுந்து இறந்துபோனார். இயக்குநர் டெட் கோட்செஃப் நாடகத்தை நிறுத்தவில்லை. மீதி நடிகர்கள் அவருடைய வசனங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், கதை முடிந்தது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நிகழ்ச்சி வழக்கம்போலவே போனது. நேரலை என்பதால் நிறுத்துவது ஒரு வழியாகவே யாருக்கும் தோன்றவில்லை.

டிஜிட்டல் வந்ததும் 11 நிமிட வேலி உடைந்தது. தமிழில் அதை முழுமூச்சாகப் பயன்படுத்திய முயற்சி பார்த்திபனின் ‘இரவின் நிழல்’. 2022 ஜூலையில் வெளியானது. ஒளிப்பதிவு ஆர்தர் வில்சன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வெட்டே கிடையாது. அதிலும் கதை நேர்கோட்டில் போவதில்லை, நாயகனின் வாழ்க்கைக்குள் முன்னும் பின்னும் தாவுகிறது. வெட்டு இல்லாமல் எப்படிக் காலம் தாண்டுவது? பரந்த வெளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரங்குகளைப் போட்டு, காலத்தை இடமாக மாற்றினார்கள். கேமரா ஓர் அரங்கிலிருந்து வெளியேறி அடுத்த அரங்குக்குள் போனால் பல வருடங்கள் ஓடியிருக்கும், நாயகனாக வேறொரு நடிகர் நிற்பார். இதற்கு மாதக்கணக்கில் ஒத்திகை நடந்தது. அப்படியும் இருபதுக்கு மேற்பட்ட டேக்குகள் தேவைப்பட்டன. தியேட்டரில் படத்துக்கு முன்பாக, அது எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் அரை மணி நேர வீடியோவையும் சேர்த்தே திரையிட்டார்கள். அந்த உழைப்பைக் காட்டாவிட்டால் பார்வையாளருக்கு அது தெரியவே தெரியாது என்பதை அவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

இருபது டேக் ஏன் தேவைப்படுகிறது? இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு எபிசோடில் 100 இக்கட்டான தருணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஒரு கதவு சரியான நொடியில் திறக்க வேண்டும், கேமரா கை மாற வேண்டும், ஒரு விளக்கு அணைய வேண்டும். ஒவ்வொன்றையும் குழு 98 சதவீதம் சரியாகச் செய்கிறது என்றால், நல்ல குழுதான். ஆனால் நூறும் வரிசையாகச் சரியாக அமைய வாய்ப்பு சுமார் 13 சதவீதம் மட்டுமே. 99 சதவீதமாக ஏற்றினால் அது 37 சதவீதம் ஆகிறது. வழக்கமான படப்பிடிப்பில் ஒரு ஷாட் சொதப்பினால் அந்த ஷாட்டை மட்டும் திரும்ப எடுப்போம். இங்கே 55-ஆவது நிமிடத்தில் சொதப்பினால் முதல் நொடியிலிருந்து எல்லாம் திரும்ப வேண்டும். ஒத்திகை என்பது அந்த 98-ஐ 99-க்கு நகர்த்தும் வேலைதான்.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு ‘அடலசன்ஸ்’ (2025) தெளிவான உதாரணம். நெட்ஃபிளிக்ஸில் வந்த பிரிட்டன் தொடர், நான்கு எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரே டேக். இயக்குநர் ஃபிலிப் பாரன்டினி, ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸ். ஒவ்வொரு எபிசோடுக்கும் மூன்று வாரம். முதல் வாரம் நடிகர்களோடு ஒத்திகை: யார் எங்கே நிற்பது, எவ்வளவு வேகத்தில் நடப்பது. அந்த நடையை வைத்துத்தான் கேமராவின் பாதை முடிவாகும். இரண்டாம் வாரம் தொழில்நுட்பக் குழு உள்ளே வரும். ஒலி, விளக்கு, ஃபோகஸ், உடை என்று எல்லாரும் அந்தப் பாதையைச் சுற்றி ஒளிந்துகொள்ளும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். மூன்றாம் வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு, ஆகப் பத்து டேக் என்பது திட்டம். என் கணக்குப்படி 13 சதவீதக் குழுவுக்கும் பத்து முயற்சியில் ஒன்றாவது கிடைக்க 75 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் பாதியில் நின்ற முயற்சிகளையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடிவிடும். முதல் எபிசோடுக்கு இரண்டாவது டேக்கே போதுமானதாக இருந்தது. இரண்டாவதற்கு 13-ஆவது, மூன்றாவதற்கு 11-ஆவது, நான்காவதற்கு 16-ஆவது டேக்.

இரண்டாவது எபிசோடு ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஓடுகிற பையனின் பின்னால் கேமரா ஜன்னல் வழியாக வெளியே போகிறது. ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து நீட்ட, இன்னொருவர் அந்தப் பக்கத்தில் வாங்கிக்கொள்கிறார். கடைசியில் கேமராவை ட்ரோனில் பூட்டுகிறார்கள். அது ஊருக்கு மேலே பறந்து, கொலை நடந்த இடத்தில் இறங்குகிறது. அங்கே காத்திருக்கும் ஆட்கள் கையில் பிடித்துக்கொள்ள, படம் ஒரு தந்தையின் முகத்தில் முடிகிறது. ட்ரோன் வருவது எபிசோடின் கடைசி நிமிடங்களில். காற்று பலமாக அடித்தால் அத்தனை நேர உழைப்பும் போச்சு. ஒத்திகையால் காற்றை ஒன்றும் செய்ய முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. படப்பிடிப்புத் தளத்தில் ‘கட்’ என்பது வெறும் கலைச் சொல் இல்லை, பாதுகாப்புக் கருவியும் கூட. கேபிள் தடுக்கினால், விளக்குத் தாங்கி சாய்ந்தால், பின்னோக்கி நடக்கும் கேமராக்காரர் படியைத் தவறவிட்டால் யாரோ ‘கட்’ சொல்வார்கள். இழப்பு இரண்டு நிமிடம். ஒற்றை டேக்கில் அந்தச் சொல்லின் விலை நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறது. ஐந்தாவது நிமிடத்தில் யாரும் தயங்க மாட்டார்கள். ஐம்பதாவது நிமிடத்தில், முந்நூறு பேரின் உழைப்பு தன் வாயில் இருக்கிறது என்று தெரிந்தால், தினக்கூலிக்கு வந்த லைட்மேன் சொல்வாரா? அந்த ஐம்பதாவது நிமிடத்தில்தான் எல்லாருக்கும் களைப்பும் உச்சத்தில் இருக்கும். அதாவது, விபத்துக்கு வாய்ப்பு கூடுகிற அதே நேரத்தில் நிறுத்துவதற்கான துணிச்சல் குறைகிறது. ‘ரோப்’ படப்பிடிப்பில் வாய் பொத்தப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு யாரும் பொத்த வேண்டாம், அவரே பொத்திக்கொள்வார்.

‘ரஷ்யன் ஆர்க்’ எடுத்த டில்மன் ப்யூட்னர் 2001 டிசம்பரில் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குள் ஸ்டெடிகேமை உடம்பில் கட்டிக்கொண்டு சுமார் ஒன்றரை மணி நேரம் நடந்தார். அருங்காட்சியகத்தை ஒரே ஒரு நாள்தான் கொடுத்திருந்தார்கள். முதல் மூன்று முயற்சிகள் தொடக்கத்திலேயே நின்றுபோயின. நான்காவதில் பேட்டரியும் பகல் வெளிச்சமும் தீரும் நிலையில் முடித்தார். மொத்தப் பாரமும் ஒரே முதுகில். ‘அடலசன்ஸ்’ குழு கேமராவை இரண்டு இயக்குபவர்களுக்கு இடையே கை மாற்றிக்கொண்டே போனதற்குக் கதையின் பாதை ஒரு காரணம். அதில் இன்னொரு நன்மையும் உண்டு, ஒருவர் சுமக்கும்போது மற்றவருக்கு மூச்சு வாங்க முடியும்.

ஆகவே ஒற்றை டேக்கைப் பார்த்து வாய் பிளப்பவர்களிடம் நான் கேட்க நினைப்பது இவ்வளவுதான்: எத்தனை டேக் வரை என்று முன்கூட்டியே வரம்பு வைத்திருந்தார்களா? யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முதல் நாளே சொல்லி, ஒத்திகையில் ஒருமுறை வேண்டுமென்றே நிறுத்தியும் பார்த்தார்களா? சுமப்பவருக்கு மாற்று ஆள் இருந்தாரா? இந்தப் பதில்கள் எதுவும் திரையில் தெரியாது. ஆனால் கடைசி நிமிடத்தில் காற்று எழும்பும்போது ட்ரோனுக்குக் கீழே கை நீட்டி நிற்பவருக்கு, அந்தப் படத்தில் முக்கியமானது அவை மட்டும்தான்.