இறக்கத்தில் தொடங்கும் ஓட்டம்: பீர்மேட்டு ஓட்டக்காரரின் காலை உணவு

நெடுந்தொலைவு ஓடுபவர்கள் பலர் செலவாகப்போகும் கலோரியை முதலில் கணக்கிட்டு, அதற்கு ஈடாகக் காலை உணவை அமைக்கிறார்கள். இந்தக் கணக்கு அடிப்படையிலேயே பிழையானது என்பது என் வாதம். கோட்டயம்–குமுளி சாலையில் அது தெளிவாகப் புலப்படும்.

பீர்மேடு வட்டத்துக் குட்டிக்கானத்தில் வசிக்கும் 55 கிலோ எடையுள்ள ஓட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முண்டக்கயம் நோக்கி 12 கி.மீ. இறங்கி, அதே வழியில் ஏறித் திரும்புகிறார். சமதளத்தில் ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவாகும். அந்தக் கணக்கில் 24 கி.மீ.க்கு 1,320 கலோரி. மலைச்சாலை என்பதால் இது மிகவும் கூடும் என்று தோன்றலாம். ஆனால் 2002இல் அல்பெர்ட்டோ மினெட்டியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட அளவீடுகளின்படி, 5 விழுக்காட்டுச் சரிவில் ஏற்றம் சுமார் 30 விழுக்காடு கூடுதலாகக் கேட்கிறது, இறக்கம் கால் பங்கு அளவுக்கு மிச்சப்படுத்துகிறது. இரண்டையும் கூட்டினால் சமதளத்தைவிட 3 விழுக்காடுதான் அதிகம். கலோரியை மட்டும் பார்ப்பவருக்கு மலையும் மைதானமும் ஏறக்குறைய ஒன்றே.

மாவுச்சத்தின் கணக்கு அப்படியல்ல. வேகத்தைக் குறைக்காமல் ஏறும்போது உழைப்பின் கடுமை கூடுகிறது. கடுமை கூடக்கூட உடல் கொழுப்பை விட்டு மாவுச்சத்தை நாடுகிறது. இறக்கத்தில் எரிவதில் 45 விழுக்காடும் ஏற்றத்தில் 75 விழுக்காடும் மாவுச்சத்து என்று தோராயமாகக் கொண்டால், இறங்கும் 12 கி.மீ.க்கு 55 கிராமும் ஏறும் 12 கி.மீ.க்கு 160 கிராமும் செலவாகும். மேட்டில் குடியிருப்பவருக்கு இந்தப் பெருஞ்செலவு எப்போதும் ஓட்டத்தின் பின்பாதியில்தான் வந்து நிற்கும்.

இதைக் கொடுக்கும் கையிருப்புகள் இரண்டு. தசையிலுள்ள கிளைகோஜன் முந்தைய நாட்களின் உணவால் நிரம்புவது; ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் 1960களில் தசைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்து, உணவுக்கும் இந்த இருப்புக்கும் தாங்குதிறனுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார்கள். கல்லீரலில் இருப்பது நன்றாக நிரம்பிய நிலையிலேயே 100 கிராம் அளவுதான். இரவெல்லாம் மூளைக்குச் சர்க்கரை தந்து, விடியும்போது அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். காலை உணவின் முதல் வேலை இந்தக் கல்லீரல் இருப்பை மீட்பதே. 1,320 கலோரியை ஒரே தட்டில் வைத்தால் அது குடலில் தங்கி வயிற்றைத்தான் புரட்டும்.

ஓட்டத்துக்கு முந்தைய 1 முதல் 4 மணி நேரத்துக்குள், கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டவியலார் ஏற்ற வரம்பு. நேரம் குறையக் குறைய அளவும் குறைய வேண்டும். இரண்டு மணி நேரம் கிடைத்தால் நம்மவருக்கு 100 கிராம் போதும். நடுத்தர அளவில் ஐந்து இட்லி 60 கிராம் தரும். அவித்த நேந்திரம்பழம் ஒன்றில் 30, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட கட்டன் சாயாவில் 10. மொத்தம் 450 கலோரியை ஒட்டித்தான் வரும். இட்லிக்குப் பதிலாக வேகவைத்து நீர் வடித்த கப்பையும் ஆகும். தேங்காய் நிறையப் போட்ட புட்டும் கடலைக்கறியும் இங்கே எல்லா வீட்டிலும் உள்ளவைதான். ஆனால் தேங்காயின் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், கடலை வாயுவை உண்டாக்கும். அவற்றை ஓடி முடித்தபின் சாப்பிடலாம்.

விடியும் முன்பே புறப்படுபவர் மூன்றரை மணிக்கு எழுந்து இட்லி தின்னத் தேவையில்லை. அந்தத் தூக்கம் உணவைவிட மதிப்புள்ளது. இரவில் சோற்றைக் கூட்டிக்கொண்டு, காலையில் ஒரு பழமும் இனிப்புச் சாயாவும் எடுத்தால் போதும். சிலருக்கு, சாப்பிட்ட முக்கால் மணி நேரத்தில் ஓடத் தொடங்கினால் இன்சுலின் எழுச்சியால் சற்றே தலை லேசாகும். பெரும்பாலும் ஓட ஓடச் சரியாகிவிடும். அப்படி ஆகாதவர்கள் புறப்படும் தறுவாயில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

திட்டம் தவறியதா என்பதை ஓட்டமே காட்டிவிடும். முதல் சில கிலோமீட்டர்களிலேயே புளித்த ஏப்பமும் விலாப்பிடிப்பும் வந்தால், உணவு அதிகம் அல்லது நேரம் குறைவு. திரும்பி ஏறும்போது நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமற்ற எரிச்சல் வந்தால் இரத்தச் சர்க்கரை தாழ்கிறது. குறை காலை உணவிலோ வழியில் எடுத்ததிலோ இருக்கிறது. தலை தெளிவாக இருந்தும் கால்கள் மட்டும் ஈயமாய்க் கனத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தசையிருப்பை, அதாவது நேற்றைய சோற்றை. இறக்கத்தில் காலை ஊன்றி ஊன்றித் தடுத்ததால் தொடைத் தசை நைந்திருந்தாலும் கால் கனக்கும். அதை எந்த உணவும் தீர்க்காது, கலோரிக் கணக்கிலும் அது வராது.

இடுக்கி மாவட்டத்தில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கத்தை 32 நிமிடத்துக்குள் ஓடி வென்றார். அத்தகைய பந்தயம் முடிவதற்குள் நிரம்பிய கையிருப்பு வற்றாது. இரண்டு மணி நேரத்தை நெருங்கும் மலையோட்டத்தின் நிலை வேறு. காலைத் தட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும், கல்லீரல் தன் கொள்ளளவுக்கு மேல் ஏற்காது. எனவே குட்டிக்கானத்து ஓட்டக்காரர் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்குச் சர்க்கரைக் கரைசலையோ பழத்தையோ கையில் எடுத்துச் செல்ல வேண்டும். அதையும் கீழே திரும்பும் இடத்துக்குச் சற்று முன்பே, மூச்சு சீராக இருக்கும் இறக்கத்திலேயே, உட்கொண்டுவிட வேண்டும்.