பரிதிமாற் கலைஞன் முதல் சல்மா வரை: புனைபெயரின் மறைவும் நினைவும்

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள நம் இல்லத்திற்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். அவர் கையில் நான்கு சிறுகதைகள் இருந்தன. நான்கும் நல்ல கதைகள். நான்கிலும் அவருடைய புகுந்த வீடும், அவர் பணியாற்றும் பள்ளியின் ஆசிரியர் அறையும் இருந்தன. "ஐயா, எனக்கொரு புனைபெயர் வேண்டும். என்னை யாரும் அடையாளம் காணக் கூடாது. ஆனால் ஒருமுறை படித்தவர் பெயரை மறக்கவும் கூடாது" என்றார்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விரு வேண்டுகோள்களும் ஒன்றோடொன்று பொருதுபவை. நினைவில் நிற்கும் பெயர் கேட்போரின் ஆவலைத் தூண்டும். ஆவல் தூண்டப்பட்டவர் ஆளைத் தேடுவார். இந்தச் சிக்கல் தமிழில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதைச் சில சான்றுகள் கொண்டு காண்போம்.

முதற்சான்று, வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903). மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். தனித்தமிழ்ப் பற்றினால் தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று நிலையாக மாற்றிக்கொண்டவர் எனப் பாடநூல் வழியாக மாணவர் பலர் கருதுகின்றனர். நாமும் நெடுங்காலம் வகுப்பில் அவ்வாறே சொல்லி வந்தோம், அது பிழை. 'தமிழ் மொழியின் வரலாறு', 'ரூபாவதி', 'கலாவதி', 'நாடகவியல்' ஆகியவற்றில் அவரது இயற்பெயரே உண்டு. பரிதிமாற் கலைஞன் என்பது 'தனிப்பாசுரத் தொகை' என்னும் நூலுக்கு அவர் இட்ட புனைபெயர். ஆங்கிலச் செய்யுள் வடிவத்தைத் தழுவிய புதுமுயற்சி அது. பேராசிரியர் எழுதியது என்று அறிந்தால் ஒருசாரார் முகமனுக்காகப் புகழ்வர், மறுசாரார் முன்முடிவோடு இகழ்வர். பெயரை மறைத்தால் நூலைப் பற்றிய உண்மைக் கருத்து கிடைக்கும் என்று அவர் எண்ணினார்.

அந்தப் பெயர் எப்படி அமைந்தது என்று பாருங்கள். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞன். மால் என்பதன் லகர ஈறு ககரம் வர றகரமாகத் திரிந்து, பரிதிமாற் கலைஞன் ஆயிற்று. இலக்கணமும் ஓசையும் பொருந்திய அருமையான ஆக்கம். ஆயினும் மறைப்பு என்ற நோக்கில் இதைப் பூட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டதற்கு ஒப்பிடலாம். வடமொழியும் தமிழும் அறிந்த எவரும் ஒரு நாழிகையில் திரும்ப மொழிபெயர்த்துவிடுவர். தம் பெயரை மொழிபெயர்த்துப் புனைபெயராக்கும் வழக்கம் இன்றும் நம் நாட்டில் உண்டு. மறைவு வேண்டுவோர் முதலில் கைவிட வேண்டியது அதுவே.

மேலே சாஸ்திரியாரின் முன்னெழுத்துகளைச் சொன்னோம். 'கோ' அவர் தந்தை கோவிந்த சிவனாரைக் குறிக்கும். தமிழ்ப் பெயர் தனியாக நிற்பதில்லை; தந்தையை, சிலவேளை ஊரை, ஒரு காலத்தில் சாதியையும் சுமந்து நிற்கும். மலேசிய அடையாள அட்டையில் அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் என்னும் மலாய்த் தொடர்கள் ஒருவரை அவர் தந்தையோடு சேர்த்தே காட்டுகின்றன. அலுவலகத் தாளில் அது சரி. நம் எழுத்தாளரோ, புதுப் பெயர் சூட்டிக்கொண்ட பின்னரும் கைப்பழக்கத்தால் பழைய முன்னெழுத்தை முன்னால் வைத்துவிடுகின்றனர். ஈழத்தில் பெரியநீலாவணையைச் சேர்ந்த சின்னத்துரை 'நீலாவணன்' ஆனார். அழகிய பெயர், ஆனால் ஊர் அதில் அப்படியே இருக்கிறது. அவருக்கு மறைவு நோக்கமன்று, ஆகவே குறையில்லை. ஓர் ஊரில் தமிழில் எழுதும் பெண்கள் மூவரோ நால்வரோ மட்டும் இருக்கும்போது, ஊர்ப்பெயரும் முன்னெழுத்தும் சேர்ந்தால் ஆளைக் கண்டறிய வேறொன்றும் தேவையில்லை.

அப்படியானால் பெயரை எங்கிருந்து எடுப்பது? இதற்கு விடையைத் தமிழின் மிகப் பழைய தொகைநூல்களிலேயே காணலாம். குறுந்தொகையைத் தொகுத்தோர்க்குச் சில பாடல்களின் ஆசிரியர் பெயர் கிட்டவில்லை. அவர்கள் அப்பாடலிலேயே மனத்தைத் தைத்த ஒரு தொடரை எடுத்து, அதனோடு 'ஆர்' விகுதி சேர்த்துப் புலவர் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார், கல்பொரு சிறுநுரையார் என்பன அவ்வாறு வந்தவை. இவர்களின் ஊர் தெரியாது, குலம் தெரியாது, ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. ஆயினும் பெயரைச் சொன்னதும் பாட்டு நினைவுக்கு வருகிறது. மறைவும் நினைவும் பொருதாமல் ஒன்றிய இடம் இது. காரணம் எளியது: இப்பெயர் ஆளிலிருந்து எடுக்கப்படவில்லை, எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது. தேடிப் போகிறவரை அது எழுத்துக்கே திருப்பி அனுப்புகிறது.

'ஆர்' பற்றி ஒரு சொல். 'அன்' ஈறு ஆணையும் 'அள்' ஈறு பெண்ணையும் காட்டிக்கொடுக்கும். 'ஆர்' இருவர்க்கும் பொது. இன்றைய உரைநடையிலும் 'எழுதினார்' என்னும் மதிப்பு வினை பாலை வெளிக்காட்டாது. எனவே மதிப்புரை எழுதுவோர் தம்மை அறியாமலேயே புனைபெயராளரின் மறைவைக் காக்கின்றனர். ஆங்கிலத்தில் எழுதுவோர்க்குப் படர்க்கைப் பெயரிலேயே இந்தச் சங்கடம் தொடங்கிவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைத்த புனைபெயர்கள் பலவும் குறுகியவை: கல்கி, மௌனி, சுரதா, அம்பை, சுஜாதா. சுரதாவின் வரலாறு மொழியியலாளர்க்கு விருந்து. இராசகோபாலன் என்பவர் பாரதிதாசன் மீது கொண்ட பற்றால், அவருடைய இயற்பெயரை வைத்துச் சுப்புரத்தினதாசன் ஆனார். பின் அதுவே சுருங்கிச் சுரதா ஆயிற்று. சுருங்கியதும் மூலம் மறைந்தது, ஓசை கூர்மையடைந்தது. எஸ். ரங்கராசன் தம் மனைவியின் பெயரைக் கொண்டதோ மறைவுக்காக அன்று. குமுதத்தில் ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் இருந்ததால் குழப்பம் தவிர்க்கவே.

மறைவு வாழ்க்கைக்கே தேவையாக இருந்த சான்று சல்மாவுடையது. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்த அவருடைய பள்ளிப்படிப்பு இளமையிலேயே நிறுத்தப்பட்டது. திருமணத்திற்குப் பின் வீட்டார் அறியாமல் எழுதினார். எழுதியவை தாயாரின் துணையோடு வெளியே சென்று இதழ்களை அடைந்தன. முதற்கவிதைத் தொகுதி 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'சல்மா' என்ற பெயரை ஆராய்ந்தால் அதன் காப்பு விளங்கும். முன்னெழுத்து இல்லை, ஊர் இல்லை. பதிவேட்டுப் பெயரான ரொக்கையாவோடோ வீட்டுப் பெயரான ராஜாத்தியோடோ அதற்கு ஒலியுறவும் இல்லை, பொருளுறவும் இல்லை. அவர் சமூகத்தில் இயல்பாக வழங்கும் பெண்பெயர் என்பதால், இது புனைபெயர் என்ற ஐயமே சட்டென்று எழாது. 'கிறுக்கன்' என்றோ 'நிலாமகள்' என்றோ கையெழுத்திட்டால் உள்ளே யார் என்ற கேள்வி உடனே பிறக்கும். 2001இல் உள்ளாட்சித் தேர்தலில் நின்று அவர் பொதுவாழ்வுக்கு வந்தபோது அந்தத் திரை விலகியது. ஆனால் பெயரை அவர் விடவில்லை. 'இரண்டாம் ஜாமங்களின் கதை' அதே பெயரில்தான் வந்தது.

பெயர் எவ்வளவு செம்மையாக அமைந்தாலும் அது காக்க முடியாத இடங்கள் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் நம் மாணவி ஒருவர்க்கு நாமே ஒரு பெயர் சூட்டினோம். அவர் ஒரு சிறுகதைப் போட்டிக்கு எழுதினார், பரிசும் பெற்றார். போட்டியின் நெறிமுறைப்படி அடையாள அட்டையின் படி ஒன்றையும் இணைத்திருந்தார். பரிசளிப்பு நாளில் அறிவிப்பாளர் நல்லெண்ணத்தோடு புனைபெயரைப் படித்து, மூச்சு விடாமல் இயற்பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் சேர்த்துப் படித்தார். கதையில் வந்த சிற்றன்னை மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். அதன்பின் அந்த மாணவி எழுதவில்லை. பெயரைச் செதுக்குவதில் காட்டிய கவனத்தில் பாதியைக்கூட நாம் அந்தப் படிவத்தில் காட்டவில்லை. அந்தக் குறை நம்முடையது.

எனவே ஆசிரியை வந்தபோது முதலில் பெயரைப் பேசவில்லை. இதழாசிரியர் ஒருவர்க்கு மட்டும் இயற்பெயர் தெரிய வேண்டும். காசோலைக்கு அது தேவை. வேறெங்கும் அச்சிடவோ மேடையில் சொல்லவோ கூடாது என்பதைக் கதையை அனுப்புமுன் எழுத்தில் பெற வேண்டும் என்றோம். உரிமை போய்விடுமோ என்று அஞ்சினார். 1987ஆம் ஆண்டின் மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் புனைபெயரில் வெளிவரும் படைப்பையும் காக்கிறது. ஆசிரியர் யார் என்று தெரியாத வரை உரிமைக்காலம் வெளியீட்டை ஒட்டி 50 ஆண்டுகள். தெரிந்துவிட்டால் மற்றவர்க்குப் போலவே வாழ்நாளும் அதன்மேல் 50 ஆண்டுகளும் என்று விளக்கினோம்.

பின்னரே கதைகளை எடுத்தோம். நான்கிலும் அவரே அறியாமல் திரும்பத் திரும்ப வந்த காட்சிகளை அடிக்கோடிட்டோம். ஒன்றில் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் நிற்கிறார். பால் வடியும் மங்கில் மழை விழுந்து அன்றைய உழைப்பு வீணாகிறது. அதிலிருந்து 'மங்குமழை' என்ற பெயர் பிறந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு மங்கு என்பது பால் சேரும் கிண்ணம். பிறர் அதை வினைத்தொகையாகக் கொண்டு மங்கும் மழை என்று பொருள் கொள்வர். இரு பொருளும் கதைக்குப் பொருந்தின. வேற்றுமை உருபேற்றுச் சொல்லிப் பார்த்தோம்: மங்குமழையின் கதை, மங்குமழைக்குப் பரிசு, நா இடறவில்லை. பால் காட்டவில்லை. உரோமன் எழுத்தில் ழகரத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவர் என்பது ஒரு குறை.

அப்பெயரை அவர் ஏற்கவில்லை. தம் பாட்டி மழைநாளில் சொல்லும் கதைகளை உறவினர் அனைவரும் அறிவர் என்றார். அவர் சொன்னது சரி. எழுத்திலிருந்து எடுத்த பெயரும் குடும்ப நினைவைத் தொட்டால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அதை இங்கே சொல்ல முடிகிறது. இறுதியில் வேறொரு கதையின் வேறொரு தொடரிலிருந்து அவரே தேர்ந்த பெயரை நாம் சொல்லப்போவதில்லை.

சென்ற ஆண்டு அவர் மீண்டும் வந்தார். பள்ளியின் ஆசிரியர் அறையில் சக ஆசிரியை ஒருவர் இதழைப் பிரித்து, "இந்தக் கதையைக் கேளுங்கள், நம் பள்ளியைப் போலவே இருக்கிறது" என்று உரக்கப் படித்தாராம். இவர் தேநீரைக் குடித்துக்கொண்டே கேட்டிருந்தாராம். படித்து முடித்ததும், எழுதியவர் பினாங்குப் பக்கம் யாரோ என்று எல்லாரும் முடிவு செய்தார்களாம்.