ஒலிப்பதிவிலிருந்து பாடக்குறிப்புக்கு: குற்றியலுகர வகுப்பு ஒன்றை முன்வைத்து

வகுப்புரையின் எழுத்துப் படியிலிருந்து பாடக்குறிப்பு செய்பவர் முதலில் செய்வது, பேச்சு ஓடிய வரிசையிலேயே அதைத் துண்டுபோட்டு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலைப்பிடுவதுதான். இந்த வழி எந்த இடத்தில் பிழையை உண்டாக்குகிறது, அதற்கு மாற்று என்ன என்பதை ஒரே ஒரு வகுப்பைக் கொண்டு காட்ட முயல்கிறேன். பேசும்போது காலம்தான் வரிசை. குறிப்பிலோ ஒரு கருத்து எந்தக் கருத்தின்மேல் நிற்கிறதோ அதுவே வரிசை. முன்னதைப் பின்னதாக மாற்றுவதுதான் குறிப்பெடுப்பவரின் உண்மையான வேலை என்பது என் துணிபு.

எடுத்துக்கொண்டது இளங்கலை மாணவர்க்கு என் உடன்பணியாளர் ஒருவர் நடத்திய ஐம்பது நிமிட இலக்கண வகுப்பு. பொருள் குற்றியலுகரம். ஒலிப்பதிவும் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்த படியும் என்னிடம் இருந்தன. தட்டச்சு செய்தவர் கவனமானவர். ஆனால் இலக்கணம் படித்தவரல்லர். வன்தொடர் படியில் ‘வந்தொடர்’ ஆகியிருந்தது. பேச்சில் னகரம் தகரத்தின்முன் நகரமாகவே ஒலிப்பதால் அவர் காதுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். ‘அரை மாத்திரை’ ஓரிடத்தில் ‘அறை மாத்திரை’ என்றிருந்தது. பாடம் தெரிந்தவர் கண்ணில் இவை உடனே படும் என்பதால் இவற்றால் பெரிய கேடில்லை. எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும் பொருளில் தவறிய இடங்களே என்னைத் தடுமாறச் செய்தன.

நான்காம் நிமிடத்தில் ஆசிரியர் சொல்கிறார்: “சொல்லோட கடைசியில கு, சு, டு, து, பு, று இதுல ஒண்ணு வந்தா அது குற்றியலுகரம், அரை மாத்திரைதான் ஒலிக்கும்.” வரையறைபோல் ஒலிக்கும் வாக்கியம் இது. குறிப்பெடுப்பவர் கை இதைத்தான் ‘வரையறை’ என்ற தலைப்பின்கீழ் எழுதும். எழுதினால் ‘பசு’வும் குற்றியலுகரமாகிவிடும். முப்பத்தொன்றாம் நிமிடத்தில் ஒரு மாணவி இதையே கேட்கிறார்: “அப்ப பசுவும்தானா சார்?” ஆசிரியர் சொல்கிறார்: “இல்ல இல்ல. இத இதோட வச்சுப் பாருங்க. இங்க நெடில் இருக்கு, இங்க ஒத்தக் குறில்தான் இருக்கு.” தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் குறையாமல் ஒரு மாத்திரை ஒலிக்கும், ஆகவே அது முற்றியலுகரம் என்ற நிபந்தனை அங்கேதான் வருகிறது. வரையறையின் இரு பாதிகளுக்கும் இடையே இருபத்தேழு நிமிடம். பேச்சு வரிசையில் துண்டுபோட்டால் இரண்டாம் பாதி ‘மாணவர் ஐயங்கள்’ என்ற தலைப்பின்கீழ் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். முதல் பாதி தவறாகவே முதல் பக்கத்தில் நிற்கும்.

ஆகவே முதல் வாசிப்பில் நான் தலைப்பு எதுவும் இடுவதில்லை. ஒலியைக் கேட்டபடியே, ஆசிரியர் திரும்பும் இடங்களில் மட்டும் ஓரத்தில் நிமிடத்தைக் குறிக்கிறேன். “முன்னாடி சொன்னேன்ல”, “இல்ல இல்ல”, “அதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு” ஆகியவை ஏற்கெனவே சொன்னதைத் திருத்தும் அல்லது நிரப்பும் இடங்கள். “சரி” என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. அது புதிய பகுதியின் தொடக்கமாகவும் இருக்கலாம், மூச்சு வாங்கும் இடமாகவும் இருக்கலாம். அதற்குப் பின் வருவது அதே கேள்விக்கான விடையா, வேறு கேள்விக்கான விடையா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

“இத இதோட” என்றபோது ஆசிரியர் கரும்பலகையைச் சுட்டியிருக்கிறார். படியில் பலகை இல்லை. வகுப்பிலிருந்த ஒரு மாணவரின் நோட்டைப் பார்த்தபோதுதான் அந்த இரு சொற்கள் ‘நாடு’, ‘நடு’ என்று தெரிந்தது. எவ்வளவு நல்ல இணை! ஒரு நெடிலும் ஒரு குறிலும் தவிர வேறு வேற்றுமை எதுவும் அவற்றுள் இல்லை. அந்த நோட்டு கிட்டாமல் போயிருந்தால், சதுர அடைப்புக்குள் ‘பலகையில் எழுதியவை கிட்டவில்லை’ என்று எழுதியிருப்பேன். நானே இரு சொற்களைப் பொருத்திவிட்டு, ஆசிரியர் சொன்னதாக அவற்றை நிற்க விட்டிருக்க மாட்டேன்.

இனித் தலைப்பு. ‘குற்றியலுகரத்தின் வகைகள்’ என்று எழுதலாம். நூல்களில் அப்படித்தான் இருக்கும். நான் அதை ‘ஈற்றயல் எழுத்தே வகையைத் தீர்மானிக்கிறது’ என்று எழுதினேன். பெயராக நிற்கும் தலைப்பு எதைப் பற்றி என்று மட்டும் சொல்லும். வாக்கியமாக நிற்பது என்ன சொல்லப்பட்டது என்பதையும் சொல்லும். தலைப்பை வாக்கியமாக்க முடியவில்லையென்றால், அந்தப் பகுதியில் ஆசிரியர் என்ன நிறுவினார் என்பது எனக்கே விளங்கவில்லை என்று பொருள். மறுபடி கேட்க வேண்டும். பிற்பாடு தேடி எடுக்கப் பெயர்த்தலைப்பே எளிது என்பார்கள். அது சரிதான். அந்தத் தேவையைக் கலைச்சொற்கள் நிறைவேற்றும்: நெடில்தொடர் (நாடு), ஆய்தத்தொடர் (எஃகு), உயிர்த்தொடர் (வரகு), வன்தொடர் (பாக்கு), மென்தொடர் (சங்கு), இடைத்தொடர் (மார்பு) என்ற ஆறும் அந்தத் தலைப்பின் ஓரத்தில் எடுத்துக்காட்டோடு நிற்கின்றன. ‘மாத்திரை’ என்பதை ஆசிரியர் எங்கும் விளக்கவில்லை, தெரிந்ததாகவே கொண்டார். அதற்கு நான் எழுதிய விளக்கம் என்னுடையது என்று தெரியும்படி அடைப்புக்குள் இருக்கிறது.

சுருக்கத்தில்தான் நானே தவறினேன். முப்பத்தெட்டாம் நிமிடம் புணர்ச்சி. முதல் வரைவில் நான் எழுதிய சுருக்கம்: ‘வன்தொடர்க் குற்றியலுகரத்தின்பின் வல்லினம் மிகும், மென்தொடரின்பின் மிகாது.’ கச்சிதமான வாக்கியம். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கும்போது இப்படிப்பட்ட கச்சிதம் தானாகவே வந்துவிடுகிறது. “மாதிரி இடத்துல”, “பெரும்பாலும்” போன்றவை பேச்சுக்கே உரிய வெறும் இழுவை என்று எண்ணிக் கை அவற்றை உதிர்த்துவிடுகிறது. இந்த வகுப்பில் அவை இழுவையாக இல்லை, விதியின் எல்லையாகவே இருந்தன.

குறிப்பைச் சோதிக்க நான் கையாளும் வழி எளியது. வகுப்பைக் கேட்காத ஒருவரிடம் குறிப்பை மட்டும் கொடுத்து, வகுப்பில் வராத சொற்களை அதைக் கொண்டு தீர்க்கச் சொல்வேன். இம்முறை வேறு துறையில் படிக்கும் ஒரு மாணவர் உதவினார். ‘தடு’ முற்றியலுகரம் என்றார். ‘கதவு’ என்றேன், வகரம் வல்லினமன்று, அதுவும் முற்றியலுகரமே என்றார். ‘பாட்டு’ வன்தொடர் என்று கண்டு ‘பாட்டுப்புத்தகம்’ என்று சேர்த்தார். அடுத்து ‘கரும்பு’, ‘சாறு’ இரண்டையும் சேர்க்கச் சொன்னேன். குறிப்பைப் பார்த்தார், மென்தொடர், ஆகவே மிகாது என்று ‘கரும்புசாறு’ என எழுதினார். எழுதிவிட்டுத் தயங்கினார், “கரும்புச்சாறுன்னுதானே சொல்வோம்?” என்றார்.

சுருக்கத்தின் ஓரத்தில் 38 என்று குறித்திருந்ததால் அந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஓடவிட்டுக் கேட்டேன். “வந்து போனான், அன்று சொன்னான், இந்த மாதிரி அல்வழியில மென்தொடருக்குப் பின்னாடி மிகாது. வேற்றுமையில வேற, இரும்புப்பெட்டி பாருங்க” என்கிறார் ஆசிரியர், தெளிவாக. படியிலும் அது பிழையின்றி இருந்தது. சுருக்கத்தில் ‘அல்வழியில்’ என்ற சொல்லைச் சேர்த்தேன். அது கலைச்சொல் வரிசையில் ஏழாவதாகவும் ஏறியது.